வாடகை ஏறியதை எழுதாதீர்கள், ஹோல்டில் கிடந்த பில் குறைந்ததை எழுதுங்கள்

*"ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 4 வருடமாக சப்ளையர் பில்களைப் பார்க்கிறேன். என்னோடு இன்னொருவரும் இருக்கிறார். வாடகை ஏறிவிட்டது, மகளின் படிப்புச் செலவும் கூடிவிட்டது. இதையெல்லாம் சொல்லிச் சம்பள உயர்வு கேட்டு மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதி வைத்திருக்கிறேன். தேவையைச் சொல்லாமல் சாதித்ததைச் சொல் என்கிறார் நண்பர். விற்பனையில் இருப்பவர்கள் சொல்லலாம், பில் பார்க்கிற நான் எதைச் சொல்வது?"*

முதலில், எழுதி வைத்த அந்த மெயிலை அனுப்பாதீர்கள். நான் இதே வேலையில் தொடங்கி, பிறகு பல வருடம் கணக்குப் பிரிவு மேனேஜராக இருந்தவன். வாடகை, படிப்பு, மருத்துவம் என்று எழுதி வந்த மெயில்கள் எனக்கும் வந்திருக்கின்றன. படிக்கும்போது மனம் இளகும், உதவ வேண்டும் என்றும் தோன்றும். ஆனால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. உங்கள் சம்பளத்தை உங்கள் மேனேஜர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. அவர் ஒரு பட்டியலோடு தன் மேலதிகாரியிடம் போகிறார், அங்கே மற்ற பிரிவுகளின் பட்டியல்களும் இருக்கும். "இவருக்கு ஏன் மற்றவர்களைவிட அதிகம்?" என்ற கேள்விக்கு நீங்கள் இல்லாத அறையில் அவர் ஒரே மூச்சில் பதில் சொல்லியாக வேண்டும். "வீட்டு வாடகை ஏறிவிட்டதாம்" என்பது அங்கே செல்லாது, ஏனென்றால் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் வாடகை ஏறியிருக்கிறது. ஆகவே உங்கள் மெயில் மேனேஜரின் மனதை மாற்றுவதற்கானது என்று நினைக்காதீர்கள். அவர் அப்படியே மேலே அனுப்பக்கூடிய ஒரு தாள் அது.

அடுத்தது உங்கள் உண்மையான கேள்வி: பில் பார்க்கிறவர் எதைக் காட்டுவது? இதை ஒரு கணக்கோடு விளக்கினால்தான் புரியும். உங்கள் நிறுவனத்தின் எண்கள் எனக்குத் தெரியாது. இந்த வேலையில் வழக்கமாக நடப்பதை வைத்து ஒரு நிலைமையை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் எண்களை நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பர்சேஸ் ஆர்டர் எண் இல்லாமலும், ஆர்டரில் உள்ள விலையும் பில்லில் உள்ள விலையும் ஒத்துப்போகாமலும் பில்கள் வருகின்றன. அவை பணம் போகாமல் நிறுத்தப்பட்டு, ஹோல்டில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மாதக் கடைசியில் சராசரியாக 90 பில் ஹோல்டில் இருந்தது. நீங்கள் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள்: ஆர்டர் எண் இல்லாத பில்லை வந்த அன்றே சப்ளையருக்குத் திருப்பி அனுப்புவது, விலை ஒத்துப்போகாதவற்றை வாரம் ஒரு முறை பட்டியல் போட்டு கொள்முதல் பிரிவுக்கும் ஸ்டோருக்கும் கொடுப்பது. இப்போது ஹோல்டில் சராசரியாக 28 பில் இருக்கிறது.

இதை நம்மில் பலர் எப்படி எழுதுவோம் தெரியுமா? "சப்ளையர் பில்களைச் சரிபார்த்து, கொள்முதல் பிரிவோடு ஒருங்கிணைந்து, உரிய நேரத்தில் பணம் செலுத்தும் பணியை அர்ப்பணிப்போடு செய்து வருகிறேன்." இது உங்கள் வேலை என்ன என்பதைத்தான் சொல்கிறது. அதற்குத்தான் இப்போதைய சம்பளம் தருகிறார்கள். விளைவு என்றால் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இதை வேறொருவர் எங்கே பார்த்துச் சரிபார்க்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் பெருமையாகத்தான் கேட்கும்.

மூன்றில் பெரும்பாலும் காணாமல் போவது "முன்பு". மாற்றம் செய்கிற நாளில் யாரும் பழைய நிலையைக் குறித்து வைப்பதில்லை. கவலை வேண்டாம், கணக்குப் பிரிவில் தடயம் அழிவதில்லை. மாதாமாதம் அனுப்பிய ஹோல்டு அறிக்கை உங்கள் மெயிலின் அனுப்பிய பெட்டியில் இருக்கும். கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு பில்லுக்கும் பதிவான தேதியும் பணம் போன தேதியும் இருக்கும். "எங்கள் பணம் எப்போது வரும்" என்று சப்ளையர்கள் கேட்ட மெயில்களை மாதவாரியாக எண்ணலாம். ஒப்பிடும்போது இந்த வருடம் ஜூலை முதல் டிசம்பர் வரை என்றால், போன வருடமும் அதே 6 மாதங்களை எடுங்கள். வேலைப் பளு மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் பழைய மோசமான மாதத்தையும் புதிய நல்ல மாதத்தையும் பக்கத்தில் வைப்பது ஏமாற்று வேலை. கணக்குத் தெரிந்த மேனேஜர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார், அதன் பிறகு நீங்கள் சொன்ன நல்ல எண்ணையும் நம்ப மாட்டார். மொத்த பில் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் பில்லே பாதியாகக் குறைந்திருந்தால் ஹோல்டு குறைந்தது உங்கள் திறமையால் ஆகாது.

இப்போது கடினமான இடத்துக்கு வருவோம். நல்ல மெயில்கள் பலவும் இங்கேதான் விழுகின்றன. ஜனவரியில் நிறுவனம் பில் ஸ்கேன் செய்யும் மென்பொருள் ஒன்றையும் வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 90 பில் 28 ஆனது என்று எழுதினால், மேலே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "அது மென்பொருளால்தானே?" உங்கள் மேனேஜரிடம் பதில் இல்லையென்றால் அங்கேயே முடிந்தது.

பதில் பெரும்பாலும் உங்கள் தரவிலேயே ஒளிந்திருக்கும். சப்ளையர்களை நீங்களும் சக ஊழியரும் ஆளுக்குப் பாதியாகப் பார்க்கிறீர்கள். புதிய வழக்கத்தை உங்கள் சப்ளையர்களிடம் மார்ச்சில் தொடங்கினீர்கள். அது சரியாக வருவதைப் பார்த்துவிட்டு அவர் தன் பங்கில் ஜூலையில் தொடங்கினார். மென்பொருளோ இருவருக்கும் ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஹோல்டு எண்ணிக்கையை இரண்டாகப் பிரித்து மாதவாரியாக எழுதிப் பாருங்கள். உங்கள் பக்கம் ஜனவரியில் 44, பிப்ரவரியில் 46, மார்ச்சில் 30, ஏப்ரலில் 18, மே மாதம் 14. அவர் பக்கம் ஜூன் வரை 45-ஐ ஒட்டியே நிற்கிறது, ஜூலையில் 31, ஆகஸ்டில் 17 என்று இறங்குகிறது. மென்பொருள்தான் காரணம் என்றால் இரண்டு பக்கமும் ஜனவரியில் ஒன்றாக இறங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் வழக்கம் தொடங்கிய மாதத்தில்தான் இறங்கியது. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

எல்லோருக்கும் இப்படி அமையாது என்பது உண்மை. மாற்றம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் வந்திருந்தால் இப்படிப் பிரிக்க முடியாது. அப்போது உரிமை கொண்டாடுவதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். "மென்பொருளும் புதிய வழக்கமும் சேர்ந்து" என்று எழுதிவிட்டு, மென்பொருளால் செய்ய முடியாத பகுதியை மட்டும் உங்களுடையது என்று சொல்லுங்கள். ஸ்கேன் செய்யும் மென்பொருள் ஆர்டர் எண் இல்லை என்று காட்டும். சப்ளையரோடு பேசி, அடுத்த பில்லில் எண்ணைப் போட வைக்காது.

சக ஊழியரின் பங்கையும் மறைக்க வேண்டாம். அவர் ஜூலையில் பின்பற்றினார் என்று எழுதுவது உங்களுக்குத்தான் பலம். நீங்கள் செய்ததை இன்னொருவர் எடுத்துச் செய்தும் அதே பலன் வந்தது என்றால், அது உங்கள் அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது.

அப்புறம் பணம். விற்பனையில் இருப்பவர்களைப் போல உங்கள் வேலையில் பணம் வருவதில்லை என்று நினைக்கிறீர்கள். சப்ளையர் ஒப்பந்தங்களைப் புரட்டிப் பாருங்கள். சிலர், 30 நாளில் தர வேண்டிய பணத்தை 10 நாளுக்குள் தந்தால் 2 சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருப்பார்கள். ஹோல்டில் கிடக்கும் பில்லுக்கு 10 நாளில் பணம் போகவே போகாது, அந்தத் தள்ளுபடி சத்தமில்லாமல் போய்விடும். மாதம் 30 பில்லுக்கு இந்தத் தள்ளுபடி உண்டு, முன்பு அதில் 8 பில்லுக்குக் கிடைத்தது, இப்போது 22-க்குக் கிடைக்கிறது என்று வைப்போம். மாதம் 14 பில் கூடுதல்.

உங்கள் மாதச் சம்பளத்தை 100 என்று வைத்துக் கணக்குப் போடலாம். அதே அளவில் ஒரு பில்லின் தொகை சராசரியாக 60 என்று வைப்போம். 14 பில்லுக்கு 840, அதில் 2 சதவீதம் 16.8. இதை அப்படியே மெயிலில் எழுதிவிடத் தோன்றும், எழுதாதீர்கள். பணத்தை 20 நாள் முன்னதாகத் தருவதற்கும் ஒரு செலவு இருக்கிறது. நிறுவனம் வருடத்துக்கு 10 சதவீத வட்டியில் கடன் வாங்குகிறது என்றால், 20 நாளுக்கு ஏறக்குறைய 0.55 சதவீதம், அதாவது 840-க்கு 4.6. அதைக் கழித்தால் நிகர லாபம் மாதம் 12.2. நிதி அதிகாரி கழிப்பதற்கு முன் நீங்களே கழித்துக் காட்டுங்கள். சிறிய எண்தான், ஆனால் அதில் யாரும் கை வைக்க முடியாது. நான் மேனேஜராக இருந்தபோது மேலே எடுத்துச் சென்ற கோரிக்கைகளில், தானாகவே கழித்து எழுதியிருந்தவற்றுக்குக் கேள்வியே வராது.

மிச்சமான நேரத்தை மட்டும் பணமாக மாற்றாதீர்கள். "மாதம் 30 மணி நேரம் மிச்சம், அதன் மதிப்பு இவ்வளவு" என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அந்த 30 மணிக்கும் உங்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டுதான் இருக்கிறது, நிறுவனத்தின் செலவு குறையவில்லை. மாதக் கடைசியில் கூடுதல் நேரப் படி நின்றது, தற்காலிக ஆள் எடுப்பது நின்றது என்றால் அது செலவுக் குறைவு, தாராளமாக எழுதுங்கள். இல்லையென்றால் அந்த நேரத்தில் வேறு என்ன செய்தீர்கள் என்பதை எழுதுங்கள்.

சரி, எவ்வளவு கேட்பது? நிகர லாபம் மாதம் 12.2, எனவே 12 சதவீதம் தாருங்கள் என்று முடிச்சுப் போடக் கூடாது. "மிச்சம் பிடித்ததை எல்லாம் உங்களுக்கே தந்தால் நிறுவனத்துக்கு என்ன?" என்று கேட்பார்கள், நியாயமான கேள்வி. நீங்கள் செய்த வேலை, உயர்வு ஏன் உங்களுக்கு என்பதற்குச் சாட்சி. எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சி வேண்டும்: உங்கள் பதவிக்கு நிறுவனம் வைத்திருக்கும் சம்பள வரம்பு, இதே வேலைக்கு வெளியே விளம்பரங்களில் காணும் சம்பளம். இரண்டையும் பார்த்து ஒரே ஒரு எண்ணைச் சொல்லுங்கள். "8 முதல் 12 வரை" என்றால் 8-தான் மேலே போகும்.

சம்பள உயர்வா, பதவி உயர்வா என்பதையும் முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரே மெயிலில் இரண்டையும் கலந்தால் இரண்டும் நீர்த்துப்போகும். சம்பள உயர்வுக்கு இப்போதைய வேலையில் கிடைத்த விளைவு போதும். பதவி உயர்வுக்கு, அடுத்த பதவியின் வேலையை ஏற்கெனவே செய்கிறீர்கள் என்று காட்ட வேண்டும்: ஒரு வழக்கத்தை வகுத்தது, இன்னொருவருக்குக் கற்றுக்கொடுத்தது, வேறு பிரிவுகளை ஒத்துக்கொள்ள வைத்தது. அடுத்த பதவிக்கான பொறுப்புப் பட்டியலை மனிதவளப் பிரிவில் கேட்டு வாங்கி, அதன் வரிகளுக்கு நேராக உங்கள் வேலையை வையுங்கள். நிலையான ஊதியப் படிகள் உள்ள இடங்களில் தனி ஒருவருக்குச் சம்பளத்தை மட்டும் ஏற்ற மேனேஜருக்கு அதிகாரமே இருக்காது. அங்கே பதவி உயர்வு ஒன்றுதான் வழி.

நீங்கள் கேட்டது சம்பள உயர்வு. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: சம்பள மறுபரிசீலனைக்கான கோரிக்கை – சப்ளையர் பில் ஹோல்டு குறைப்பு, ஜூலை–டிசம்பர்
>
> வணக்கம் சார்,
>
> வரும் சம்பளத் திருத்தத்தில் என் சம்பளத்தை 10 சதவீதம் உயர்த்தப் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் என் வேலையில் வந்த முக்கிய மாற்றத்தைக் கீழே தந்திருக்கிறேன்.
>
> மாதக் கடைசியில் ஹோல்டில் இருந்த பில்கள் சராசரியாக 90-லிருந்து 28 ஆகக் குறைந்துள்ளன (ஜூலை–டிசம்பர், போன வருடம் அதே மாதங்களோடு ஒப்பீடு). மொத்த பில் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. ஆர்டர் எண் இல்லாத பில்லை அன்றே திருப்புவதையும் வாராந்திரப் பட்டியலையும் மார்ச்சில் என் சப்ளையர்களிடம் தொடங்கினேன். ஜூலையில் சக ஊழியர் தன் சப்ளையர்களிடமும் பின்பற்றினார். ஸ்கேன் மென்பொருள் ஜனவரியில் இருவருக்கும் வந்தது. எண்ணிக்கை இறங்கியது வழக்கம் தொடங்கிய மாதங்களில்தான். மாதவாரி விவரம் இணைப்பில் உள்ளது.
>
> இதனால் முன்கூட்டியே பணம் செலுத்தும் தள்ளுபடி மாதம் 8 பில்லுக்குப் பதிலாக 22 பில்லுக்குக் கிடைக்கிறது. வட்டிச் செலவைக் கழித்த பிறகு நிகர லாபம் மாதம் (தொகை).
>
> 10 சதவீதம் என்பது என் பதவிக்கான சம்பள வரம்புக்குள் வருகிறது. இது பற்றிப் பேச அடுத்த வாரம் 20 நிமிடம் ஒதுக்க முடியுமா?
>
> நன்றி.

கோரிக்கை முதல் வரியிலேயே இருப்பதைக் கவனியுங்கள். பலர் பெரிய பீடிகை போட்டு, கேட்பதைக் கடைசியில் கூச்சத்தோடு ஒளித்து வைப்பார்கள். போனில் திறந்து படிப்பவர் கடைசி வரைக்கும் போக மாட்டார். இணைப்பு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: உங்கள் இருவரின் ஹோல்டு எண்ணிக்கையும் மாதவாரியாக, கீழே எந்த அறிக்கையிலிருந்து எடுத்தது என்ற ஒரு வரி. சப்ளையர் பெயர்களும் விலைகளும் அதில் தேவையில்லை. இந்தத் தரவை உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வீட்டில் வைத்து வேலை செய்யவும் வேண்டாம். சம்பள உயர்வு கேட்கப் போய் ஒழுங்கு நடவடிக்கையில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சக ஊழியர் எவ்வளவு வாங்குகிறார் என்பதும், வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்பதும் இந்த மெயிலில் வரக் கூடாது. முதலாவது பேச்சை உங்களிடமிருந்து அவர் மேல் திருப்பிவிடும். இரண்டாவது எழுத்தில் மிரட்டலாகத் தெரியும். உண்மையிலேயே போகத் தயாராக இருந்தால் நேரில் சொல்லுங்கள். வாடகையும் படிப்பும்கூட அப்படித்தான். உங்களை நன்கு அறிந்த மேனேஜரிடம் நேரில் ஒரு வரி சொல்வதில் தவறில்லை, அது அவருக்கு அக்கறையைத் தரும். எழுத்தில் மட்டும் வேண்டாம், அந்த மெயில் முன்பின் தெரியாதவர்கள் கைக்குப் போகும்.

எப்போது அனுப்புவது என்பதில் நல்ல கோரிக்கைகள் பல வீணாகியிருக்கின்றன. இன்கிரிமென்ட் கடிதம் வருகிற மாதத்தில் கேட்டால் தாமதம். பட்ஜெட்டும் பரிந்துரைப் பட்டியலும் அதற்கு வெகு முன்பே மூடப்பட்டுவிடும். "உங்கள் பரிந்துரை எந்தத் தேதிக்குள் போக வேண்டும் சார்?" என்று இப்போதே சாதாரணமாகக் கேட்டு வையுங்கள். அந்தத் தேதிக்கு ஒரு மாதம் முன்னால் மெயில் போய்ச் சேரட்டும். எண்களை அவர் சரிபார்க்கவும், மேலே ஒரு வார்த்தை போட்டு வைக்கவும் நேரம் வேண்டும்.

"பட்ஜெட் இல்லை" என்ற பதில் வரலாம். அங்கே வாடிப்போய் நன்றி சொல்லி எழுந்துவிடாதீர்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: மறுத்தது தொகையையா, காலத்தையா, சாட்சியையா? எண்கள் போதவில்லை என்றால் எது எந்த அளவுக்கு வர வேண்டும்? மறுபடி எப்போது பார்க்கலாம்? "இன்னும் நன்றாகச் செய்" என்பது பதிலாகாது. "விலை வித்தியாசத்தால் ஹோல்டாகும் பில்களையும் 10-க்குள் கொண்டுவா" என்றால் அது பதில். அன்று மாலையே ஒரு சிறிய மெயில் போடுங்கள்: "இன்று பேசியபடி, ஜூன் முடிவில் இந்த எண்ணிக்கை 10-க்குள் இருந்தால் ஜூலையில் மறுபரிசீலனை செய்யலாம் என்றீர்கள். நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்தவும்." மேனேஜர்கள் மாறுவார்கள், பிரிவுகள் இணையும். அப்படி நடந்தால் புதிதாக வருபவருக்கு முதல் வாரத்திலேயே இந்த மெயிலை முன்னனுப்புங்கள். இன்றைக்கு ஹோல்டில் உள்ள எண்ணிக்கையையும் தேதி போட்டுக் குறித்து வையுங்கள், ஜூலையில் அதுதான் உங்கள் "முன்பு".